சட்டத்தரணியை முதன்முதலாகப் பார்க்கப் போகுமுன்: காணிப் பிணக்குக்குத் திகதிக் குறிப்பும் கோவையும்

வடலி · 14 ஒக்டோபர் 2024, இரவு 9.10

பெரியம்மாவின் காணி, நீர்வேலிப் பக்கம். பக்கத்துக் காணிக்காரர் எங்கள் கதியால்களைப் பிடுங்கிவிட்டு, உள்ளுக்குத் தள்ளித் தகரம் அடித்துவிட்டார். சட்டத்தரணி ஒருவரிடம் நேரம் கேட்டோம், நவம்பர் 6, புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். உறுதியை எடுத்துக்கொண்டு போய் நடந்ததை வாயால் சொன்னால் போதும் என்பது என் எண்ணம். அவர்தானே கேட்டு எழுதுவார். தங்கச்சியோ எல்லாவற்றையும் திகதி போட்டு எழுதி, பைல் கட்டிக்கொண்டு போகவேண்டும் என்கிறாள். முதல் நாளே அது தேவையா?

ஏடு · 14 ஒக்டோபர், 10.02

தங்கச்சி சொல்வதுதான் சரி. நான் கனகாலம் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவன். காணிப் பிணக்கோடு வருகிறவர்கள் பெரும்பாலும் கதையைப் பாட்டனில் தொடங்குவார்கள். பாட்டன் யாருக்குச் சீதனம் கொடுத்தார், எந்த மாமா வெளிநாடு போனார் என்பதிலேயே நேரம் போய்விடும். வேலி எப்போது போனது என்று கேட்டால், "போன மாதம் போல, மழைக்கு முதல்" என்பார்கள். சட்டத்தரணிக்கு முதலில் வேண்டியது அந்தத் திகதி. பாட்டனின் கதையும் தேவைதான், ஆனால் அது இரண்டாவது.

முதலில் இதைச் சொல்லுங்கள்: வேலி பிடுங்கியது எந்த நாள்?

வடலி · 14 ஒக்டோபர், 10.15

ஓகஸ்ட் கடைசி என்று நினைக்கிறேன்.

ஏடு · 14 ஒக்டோபர், 10.40

நினைப்பது போதாது. யாரோடும் வாக்குவாதப்படாமல் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள், "உனக்கு எப்படித் தெரியும்?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் நாலு நிரலாகப் போடுங்கள். முதலாவதில் திகதி. இரண்டாவதில் என்ன நடந்தது, ஒரே வசனத்தில். மூன்றாவதில் அதைக் கண்ணால் கண்டவர் யார், கேள்விப்பட்டவர் யார். நாலாவதில் அதற்கு என்ன கடதாசி இருக்கிறது. கடதாசி இல்லையென்றால் "இல்லை" என்று எழுதுங்கள். வெறுமையாக விட்டால், பிறகு பார்க்கும்போது கடதாசி இல்லையா, நீங்கள் தேடவில்லையா என்று தெரியாது.

"அநியாயமாக", "வேண்டுமென்றே" என்ற சொற்கள் அதற்குள் வேண்டாம். "கதியால் பிடுங்கப்பட்டது, தகரம் அடிக்கப்பட்டது" என்றால் போதும்.

செம்மண் · 15 ஒக்டோபர், காலை 6.30

பயப்படாதீர்கள். பொலிஸில் முறைப்பாடு போட்டாகிவிட்டது என்றால் காலக்கெடு அதோடு நின்றுவிடும். மிச்சத்தை ஆறுதலாகப் பார்க்கலாம். எங்கள் ஊரில் ஒருவர் முறைப்பாடு போட்டு ஆறு மாதத்துக்குப் பிறகுதான் வழக்குக்குப் போனார், ஒன்றும் ஆகவில்லை.

ஏடு · 15 ஒக்டோபர், 7.05

செம்மண், இதில் பாதிதான் சரி. உங்கள் ஊர்க்காரர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போயிருப்பார், அங்கே கணக்கு வேறு. வடலியின் விசயத்தில் உடனே பார்க்கவேண்டியது 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. காணிப் பிணக்கால் சண்டை வரக்கூடும் என்ற நிலையில் பொலிஸார் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். பாதிக்கப்பட்டவரே சத்தியக் கடதாசி கொடுத்தும் போகலாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரைத் திரும்ப இருத்துவதற்கு 68ஆம் பிரிவு ஒரு எல்லை வைத்திருக்கிறது: வழக்குத் தகவல் பதியப்பட்ட நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் அந்த வெளியேற்றம் நடந்திருக்க வேண்டும். அது நீதிமன்றத்தில் பதிகிற நாள். பொலிஸ் புத்தகத்தில் எழுதிய நாளை வைத்து அது எண்ணப்படுவதில்லை.

ஆகையால் முறைப்பாட்டுப் பிரதி நல்ல சான்றுதான், ஆனால் மணிக்கூட்டை நிறுத்தாது.

வடலி, ஓகஸ்ட் கடைசி என்பது உண்மையானால் உங்களுக்கு இன்னும் இரண்டு கிழமை சொச்சம்தான் இருக்கிறது. நவம்பர் 6 பிந்திப்போய்விடும். இன்றைக்கே போன் எடுத்து நேரத்தை முன்னுக்குக் கேளுங்கள். "வேலி பிடுங்கி இரண்டு மாதம் ஆகப்போகிறது" என்ற ஒரு வசனத்தை எழுதுவினைஞரிடம் சொன்னால் அவருக்கு விளங்கும்.

பனிக்காடு · 15 ஒக்டோபர், 8.50

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். எனக்கும் இப்படி ஒரு பிரச்சினை. அண்ணையின் பெயரில் அற்றோணித் தத்துவம் கொடுத்துவிட்டு வந்தேன், அவர் கேளாமலே காணியை விற்றுவிட்டார். நானும் திகதி எழுதத் தொடங்கலாமா? நல்ல சட்டத்தரணி யாரையாவது சொல்லுங்கள்.

ஏடு · 15 ஒக்டோபர், 9.20

சட்டத்தரணி பெயர் நான் சொல்லமாட்டேன். உங்கள் விசயம் வேறு வகை, தனியாக எழுதினால் பார்க்கிறேன். இப்போதைக்கு ஒன்று: அற்றோணித் தத்துவத்தின் பிரதியை எடுத்து, அதில் விற்கும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா, எந்தக் காணிக்கு என்று எழுதியிருக்கிறது, நீங்கள் அதை எப்போதாவது ரத்துச் செய்தீர்களா என்று பாருங்கள். உங்கள் முதல் மூன்று வரி அதுதான்.

வடலி · 16 ஒக்டோபர், இரவு 8.30

கேட்டுப் பார்த்தேன். குழப்பம் கூடிவிட்டது.

பெரியம்மா: "ஆவணி மாசம். நல்லூர்த் தீர்த்தத்துக்குப் போயிட்டு மத்தியானம் வரேக்க கதியால் கிடக்குது." எங்கள் அண்ணை: செப்டெம்பர் 7, ஏனென்றால் போனில் பிடுங்கிய வேலியின் படத்தின் பெயர் IMG-20240907-WA0012.jpg என்று இருக்கிறது. நான் முன்பு சொன்னது ஓகஸ்ட் கடைசி.

நேரம் முன்னுக்குக் கேட்டோம். 22ஆம் திகதி மாலை வரச் சொல்லிவிட்டார்.

ஏடு · 16 ஒக்டோபர், 9.45

நேரம் கிடைத்தது நல்லது. இனித் திகதியைப் பார்ப்போம்.

ஆவணி மாசம் ஓகஸ்ட் 17 போலத் தொடங்கிச் செப்டெம்பர் நடுவில்தான் முடியும். பெரியம்மா ஆவணி என்றதை நீங்கள் ஓகஸ்ட் ஆக்கியிருக்கிறீர்கள் என்று படுகிறது. இந்த முறை நல்லூர்க் கொடியேற்றம் ஓகஸ்ட் 9, தேர் செப்டெம்பர் 1 ஞாயிறு, தீர்த்தம் செப்டெம்பர் 2 திங்கள். பெரியம்மா சொன்னது உறுதியான நாள். அவர் மனதில் இருப்பது கோயில், அது பஞ்சாங்கத்தில் இருக்கிறது. குறிப்பில் "2 செப்டெம்பர் 2024, மத்தியானம் கண்டது; நல்லூர்த் தீர்த்தத்திலிருந்து வரும்போது" என்று அவர் சொன்ன அடையாளத்தையும் சேர்த்து எழுதுங்கள். நாளைக்குக் குறுக்கு விசாரணையில் "எப்படி அம்மா அந்த நாளை ஞாபகம்?" என்று கேட்டால் அதுதான் மறுமொழி. ஒன்று மட்டும் கவனியுங்கள்: அது அவர் கண்ட நாள். பிடுங்கியது அதற்கு முந்திய இரவாகவும் இருக்கலாம். காலையில் கோயிலுக்குப் போகும்போது வேலி நின்றதா என்று கேட்டு, அதைத் தனி வரியாக எழுதுங்கள்.

படத்தின் பெயரில் உள்ள 20240907, வாட்ஸ்அப்பில் அந்தப் படம் அனுப்பப்பட்ட அல்லது வந்து சேர்ந்த நாள். எடுத்த நாள் அது இல்லை. வாட்ஸ்அப் வழியாகப் படமாக வந்தவற்றில் எடுத்த நேரம் முதலிய விவரம் பெரும்பாலும் போய்விடும். படத்தை எடுத்தவர் யார்? அவருடைய போனில் மூலப் படம் இருக்கவேண்டும். அதில் விவரங்களைத் திறந்தால் எடுத்த நாளும் நேரமும் தெரியும்.

வடலி · 17 ஒக்டோபர், காலை 11.00

எடுத்தது பக்கத்து வீட்டுத் தம்பி. அவன் போனில் செப்டெம்பர் 3, காலை 7.48 என்று இருக்கிறது. அண்ணைக்கு அனுப்பியதுதான் 7ஆம் திகதி. பெரியம்மா காலையில் நல்லூர் போகும்போது வேலி நின்றது என்றும் திடமாகச் சொல்கிறார். படலையைச் சாத்த அந்தப் பக்கம்தான் போனாராம்.

ஏடு · 17 ஒக்டோபர், 11.40

அப்படியென்றால் செப்டெம்பர் 2 காலைக்கும் மத்தியானத்துக்கும் இடையில். அந்தத் தம்பியிடம் படத்தை அழிக்கவேண்டாம், வெட்டவேண்டாம், பிரகாசம் கூட்டவேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு பிரதியை வாட்ஸ்அப்பில் வாங்காமல், கேபிள் போட்டோ மின்னஞ்சலில் கோப்பாகவோ வாங்குங்கள். போனை மாற்றப்போகிறான் என்றால் முதலே சொல்லச் சொல்லுங்கள். அவன் சாட்சியாக வரச் சம்மதமா என்பதையும் கேட்டு எழுதிவையுங்கள். இல்லையென்றால் அதையும் எழுதுங்கள், சட்டத்தரணி வேறு வழி பார்ப்பார்.

இனிக் கணக்கு. செப்டெம்பர் 2 என்றால் இரண்டு மாதம் நவம்பர் 2ஓடு முடிகிறது. அது சனிக்கிழமை. ஒக்டோபர் 31 வியாழன் தீபாவளி. ஆகவே உண்மையில் உங்களுக்கு நவம்பர் 1 வெள்ளி வரைதான். சத்தியக் கடதாசி தயாரிக்க, அதைச் சமாதான நீதவான் முன்னிலையில் கையெழுத்திட, பிரதிகள் எடுக்க நாட்கள் போகும். குறிப்பின் தலைப்பிலேயே பெரிதாக "2 செப்டெம்பர் 2024" என்று எழுதி வையுங்கள்.

செம்மண் · 17 ஒக்டோபர், பிற்பகல் 2.15

சரி, பொலிஸ் விசயத்தில் எனக்குத் தெரிந்தது குறைவு, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இரண்டு மாதம் தாண்டினால் காணியே போய்விடும் என்று சனம் பயப்படும்படி எழுதவேண்டாம். காணி சொந்தமாகப் பத்து வருசம் தேவை.

ஏடு · 17 ஒக்டோபர், 3.00

நீங்கள் சொல்வதும் நியாயம். இரண்டு மாதம் தாண்டினால் போவது விரைவான வழி ஒன்றுதான், காணி இல்லை. 66இன் கீழ் வரும் கட்டளையே தற்காலிகமானது, உரித்தை முடிவு செய்வது மாவட்ட நீதிமன்றம். சட்டமுறை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஒரு வருடத்துக்குள் போடக்கூடிய வழக்கு ஒன்றும் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் இருக்கிறது. பத்து வருடம் 3ஆம் பிரிவு. ஆனால் அதையும் "பத்து வருடம் இருந்தால் சொந்தம்" என்று சும்மா சொல்லமுடியாது. மற்றவரின் உரித்தை ஏற்காமல், அவருக்கு எதிராக இருந்திருக்க வேண்டும். அனுமதியோடு இருந்தவரின் பத்து வருடம் அதோடு ஒன்றாகாது. யார் யாரை எப்போது இருக்கவிட்டார், என்ன சொல்லி விட்டார் என்பது அதனால்தான் திகதிக் குறிப்பில் முக்கியம்.

வடலி · 18 ஒக்டோபர், இரவு 10.20

இந்த இடத்தில் ஒரு சங்கடம். 2019இல் பெரியம்மா பக்கத்துக் காணிக்காரருக்கு ஒரு கடதாசி எழுதிக் கொடுத்திருக்கிறார், எங்கள் எல்லையோடு நடந்து போக அனுமதி என்று. எங்களுக்குப் பாதகமாகத்தானே வரும்? குறிப்பில் போடாமல் விட்டால் என்ன? அவரிடம் அந்தக் கடதாசி இப்போது இருக்கிறதோ தெரியாது.

ஏடு · 19 ஒக்டோபர், காலை 5.50

போடுங்கள். மற்றவர்களுக்கு மறைக்கலாம், சட்டத்தரணிக்கு மறைக்கக்கூடாது. மற்றப் பக்கம் அதை நீதிமன்றத்தில் எடுத்து நீட்டும்போதுதான் உங்கள் சட்டத்தரணி முதன்முதலாகப் பார்க்கிறார் என்றால், அதோடு பெரியம்மாவின் சத்தியக் கடதாசி முழுவதையுமே சந்தேகப்படுவார்கள்.

அதோடு, அது உங்களுக்குப் பாதகம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? அனுமதி கேட்டு வாங்கினார் என்றால் அந்த நிலம் பெரியம்மாவுடையது என்று அவரே ஏற்றிருக்கிறார். இதை எந்தப் பக்கம் வைப்பது என்பது சட்டத்தரணியின் வேலை. நீங்கள் எழுதவேண்டியது இவ்வளவுதான்: "2019, மாதம் நினைவில்லை. பெரியம்மா எழுதிக் கையெழுத்திட்ட கடதாசி. எல்லையோடு நடக்க அனுமதி. எங்களிடம் பிரதி இல்லை."

சட்டத்தரணியிடம் தொழில் முறையில் சொன்னதை உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் வெளியிடக் கூடாது, சான்றுக் கட்டளைச் சட்டத்தில் அதற்குப் பாதுகாப்பு இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குறிப்பைப் படமெடுத்துக் குழுவில் போடவேண்டாம் என்று தங்கச்சியிடமும் சொல்லுங்கள்.

வெண்காயச்செய்கை · 19 ஒக்டோபர், 9.30

கதியாலுக்குப் பதிலாக மதில் கட்டினால் ஒரு அடிக்கு எவ்வளவு முடியும்? எனக்கும் எல்லைப் பிரச்சினை, கட்டி முடித்துவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஏடு · 19 ஒக்டோபர், 10.10

பிணக்கு இருக்கிற எல்லையில் மதில் கட்டாதீர்கள். கட்டினால் அடுத்தவர் உங்களைப் பற்றி இதே இழையைத் தொடங்குவார். முதலில் சேவையரைக் கூப்பிடுங்கள்.

வடலி · 19 ஒக்டோபர், இரவு 9.00

கோவை கட்டத் தொடங்கியிருக்கிறோம். உறுதி இரண்டு, 1964இலும் 1991இலும் எழுதியவை. பழையது கிழியப் பார்க்கிறது, லமினேட் பண்ணலாமா? சேவையர் பிளான் ஒன்று, சோலைவரிப் பற்றுச்சீட்டுகள், பொலிஸ் துண்டு. உறுதியில் 3 பரப்பு 9 குழி, பிளானில் 33.2 பேர்ச். எது சரி?

ஏடு · 19 ஒக்டோபர், 10.30

லமினேட் வேண்டாம், எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். முத்திரையையும் மையையும் பார்த்துச் சோதிக்க முடியாமல் போகும், பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது. துளையும் போடவேண்டாம். பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். அசல்கள் வீட்டில் ஒரு இடத்தில் இருக்கட்டும். கொண்டுபோகும் கோவை முழுக்கப் போட்டோக்கொப்பி, இலக்கம் கொப்பியில்தான், பென்சிலால். அசலை ஒப்பிடக் கேட்டால் காட்டுங்கள். விட்டுவிட்டு வரவேண்டி வந்தால் எவை கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பற்றுச்சீட்டு கேட்டால் எந்த நல்ல அலுவலகமும் கோபிக்காது.

இலக்கம் திகதிக் குறிப்போடு பொருந்தவேண்டும். குறிப்பின் நாலாம் நிரலில் "கோவை 5" என்றால் ஐந்தாவது கடதாசியைத் திறந்தவுடன் அதே விசயம் இருக்கவேண்டும். இதைச் சரிபார்க்க வேறொருவரிடம் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள்.

அளவு: 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர், ஆகவே ஒரு பரப்பு 10 பேர்ச். 3 பரப்பு 9 குழி என்றால் 35 பேர்ச். பிளானில் 1.8 பேர்ச் குறைகிறது. பழைய உறுதிகளில் அளவு ஏறத்தாழ எழுதப்பட்டிருக்கும், ஒழுங்கைக்கு விட்ட நிலமும் கழிந்திருக்கலாம். நீங்கள் சரி பிழை தீர்க்கவேண்டாம், வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். அதைவிட முக்கியம் நாலு எல்லை. 1964 உறுதியில் கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று இருக்கும் பெயர்கள் இன்றைக்கு யாருடைய காணி என்று பக்கத்தில் எழுதுங்கள். இன்றைய அயலவரின் பெயர் அதில் இராது, அவருடைய பாட்டன் பெயர் இருக்கும். அந்தத் தொடர்பைச் சட்டத்தரணியால் ஊகிக்க முடியாது.

1964க்கும் 1991க்கும் நடுவில் இன்னொரு உறுதி இருக்கவேண்டுமா என்றும் பாருங்கள். முதலாவதில் வாங்கியவர்தான் இரண்டாவதில் கொடுத்தவரா?

வடலி · 20 ஒக்டோபர், மாலை 4.40

இல்லை. முதலாவதில் பெரியப்பாவின் தகப்பன். இரண்டாவதில் கொடுத்தது பெரியப்பா. நடுவில் ஒன்றும் இல்லை. இடம்பெயர்வில் போயிருக்கும் என்கிறார் பெரியம்மா, 95இல்.

ஏடு · 20 ஒக்டோபர், 6.00

தகப்பன் இறந்து மகனுக்கு வந்ததா, நன்கொடை உறுதி எழுதியதா என்று முதலில் கேளுங்கள். இறந்து வந்ததென்றால் இறப்புச் சான்றிதழும் சகோதரர்கள் யார் யார் என்பதும் வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கும் பங்கு இருந்ததா என்ற கேள்வி வரும். உறுதி எழுதியிருந்தால் காணிப் பதிவகத்தில் தோம்பு பார்த்தால் தெரியும், அங்கேயே உறுதிப்படுத்திய பிரதியும் கேட்கலாம். 22க்கு முன் கிடைக்காது. குறிப்பில் "1964 – 1991 இடைவெளி, தோம்பு பார்க்க வேண்டும்" என்று வெளிப்படையாக எழுதிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, பொலிஸ் துண்டில் திகதி, புத்தகம், பக்க இலக்கம் தெளிவாக இருக்கிறதா? முறைப்பாடு எந்த மொழியில் எழுதப்பட்டது? சிங்களத்தில் என்றால் பெரியம்மா சொன்ன திகதியும் அதில் எழுதப்பட்ட திகதியும் ஒன்றா என்று தெரிந்தவர் ஒருவரிடம் வாசித்துப் பாருங்கள்.

வடலி · 20 ஒக்டோபர், 9.15

பார்த்தோம். முறைப்பாட்டில் "சம்பவம் செப்டெம்பர் 4" என்று இருக்கிறது. முறைப்பாடு எழுதியதே 4ஆம் திகதிதான். பெரியம்மா தான் தீர்த்தம் என்றுதான் சொன்னேன் என்கிறார். அதோடு செப்டெம்பர் 20இல் அவர்கள் தகரத்தை இன்னும் ஐந்து அடி உள்ளுக்குத் தள்ளினார்கள். அந்தத் திகதியை எடுத்தால் எங்களுக்கு நாள் கூடுமே?

ஏடு · 20 ஒக்டோபர், 9.50

மூன்று திகதிகளையும் மூன்று வரியாக எழுதுங்கள், எந்தத் திகதி எங்கிருந்து வந்தது என்ற விவரத்தோடு. முறைப்பாட்டில் 4 என்று இருப்பதைப் பெரியம்மா முதலிலேயே சட்டத்தரணியிடம் சொல்லவேண்டும். அந்தத் தம்பியின் 3ஆம் திகதிப் படம் இருப்பதால் 4 என்பது நிற்காது.

இருபதாம் திகதியைப் பற்றி: அந்த ஐந்து அடிக்குத் தனிக் கணக்கு எடுக்கலாமா, முதல் அத்துமீறலின் தொடர்ச்சியா என்பதில் இரண்டு விதமாகவும் வாதாடப் பார்த்திருக்கிறேன். அதை நம்பி நவம்பர் 1ஐத் தாண்டவேண்டாம்.

செம்மண் · 21 ஒக்டோபர், காலை 7.00

நான் இருந்தால் பொலிஸையே 66இல் கொண்டுபோகச் சொல்வேன். செலவும் இல்லை.

ஏடு · 21 ஒக்டோபர், 7.30

அவர்கள் எப்போது கொண்டுபோவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. இந்த நாட்களைப் பார்த்தால் நான் பெரியம்மாவின் சத்தியக் கடதாசியோடு நேரே போவதையே பார்ப்பேன். வேறு சட்டத்தரணிகள் பொலிஸ் வழியை விரும்புவார்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. நாளை கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான், குறிப்பின் அடியில் எழுதிவிடுங்கள்.

வடலி · 22 ஒக்டோபர், இரவு 8.50

போய் வந்தோம். முதல் பக்கத்தை வாசித்தவர் நேரே 2 செப்டெம்பரில் விரலை வைத்தார். சத்தியக் கடதாசிக்கு 25ஆம் திகதி பெரியம்மாவைக் கூட்டிவரச் சொல்லிவிட்டார். 2019 கடதாசி பற்றிக் கனக்கக் கேட்டார். அதை அவர் சாதகமாகப் பார்க்கிறாரா என்று சொல்லவில்லை. தோம்பு பார்க்கத் தங்கச்சி நாளை போகிறாள். பதிவகத்தில் காணியின் பெயரைச் சொன்னால் போதுமா, பழைய உறுதி இலக்கமும் வேண்டுமா?

ஏடு · 22 ஒக்டோபர், 9.20

1991 உறுதியின் பின்பக்கத்தில் பதிவு முத்திரையோடு பாகமும் பக்கமும் எழுதியிருக்கும். அதைக் கொடுத்தால் அந்தப் பக்கத்தையே எடுத்துப் பார்க்கலாம், அங்கிருந்து முந்திய பக்கத்துக்குப் பின்னோக்கிப் போகலாம். காணிப் பெயரை மட்டும் கொண்டு தேடினால் அதே பெயரில் கன துண்டுகள் வரும். உறுதியின் முன், பின் இரண்டு பக்கத்துக்கும் கொப்பி கொடுத்துவிடுங்கள்.

பனிக்காடு · 23 ஒக்டோபர், காலை 3.10

என் அற்றோணிப் பிரதி கிடைத்துவிட்டது. அதில் விற்கும் அதிகாரம் இருக்கிறது, ஆனால் வேறு காணிக்கு. புதிய இழை தொடங்குகிறேன்.